தேவைப்படாத மனு

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன்.

மயிலிட்டியில் சிறிய ஐஸ் ஆலை வைத்திருந்தேன். மீன் குவிந்த வருடம் கூடிய வருமானத்துக்கு வரிவீதமும் கூடியது. இரண்டாவது இயந்திரம் வாங்கும் ஆசையை விட்டேன். பிறகு கடலில் மீன்பிடிக்கத் தடை வந்து வருமானம் பாதியானது. நான்கு வேலையாட்களில் இருவரை நிறுத்த வேண்டிய நிலை. வரியைக் குறைக்கக் கேட்டு மனு எழுதுவித்து, வரிக் கந்தோருக்குப் போனேன்.

அதிகாரி வாசித்துச் சிரித்தார். "சட்டத்தை மாத்தவோ அண்ணை கேக்கிறியள்?"

"ஓம் ஐயா."

"அது அப்பிடியே கிடக்கட்டும். வருமானம் பாதியானா மேல்வீதம் உங்களுக்கு இல்லை. வரி பாதிக்கும் கீழை இறங்கும்."

கணக்குப் பார்த்தால் முந்திய வரியில் கால்வாசிதான். மிஞ்சியதில் நால்வருக்கும் சம்பளம் கொடுத்தேன். அந்த வருடம் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

1994 தை 20