அனுப்பியாச்சு என்று எழுதியிருந்தது

நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயில் என்ற ஊரில், பின்சியின் வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த நீளமான ஷெட் ஒன்று உண்டு. அதில் இருநூறு பைகளில் சிப்பிக் காளான் வளர்த்தாள். வைக்கோலை வேகவைப்பது, வித்து போடுவது, பைகளைக் கயிற்றில் தொங்கவிடுவது எல்லாம் அவளும் பக்கத்து வீட்டு ஓமனாவும்தான். கணவன் சத்தியராஜுக்கு மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. “ஷெட்டு ரெண்டு விளைச்சல் நல்லா எடுத்துக் காட்டட்டு. நான் ஜோலியை விட்டுட்டு வாறேன்” என்று சொல்லியிருந்தான். முதல் விளைச்சல் நன்றாக வந்தது. இது இரண்டாவது.

சிப்பிக் காளானுக்குச் சூடு ஆகாது. முப்பது டிகிரிக்கு மேலே போய் மணிக்கணக்கில் நின்றால் அவ்வளவுதான். அதற்காக ஷெட்டில் நீரைப் புகைபோலத் தூவும் ஒரு பம்பு வைத்திருந்தார்கள். போன விடுமுறையில் வந்தபோது சத்தியராஜ் உள்ளங்கை அளவிலான ஒரு சின்னக் கணினியை வாங்கி வீட்டுக்குள் பொருத்தினான். அதிலிருந்து ஒரு வயர் ஷெட்டுக்குள் போய், முனையில் சூடு அளக்கும் சென்சாரோடு தொங்கியது. அவன் எழுதிய இருபது முப்பது வரி புரோகிராம் நிமிடத்துக்கு ஒருமுறை சென்சாரைப் படிக்கும். முப்பதைத் தாண்டினால் பின்சியின் போனுக்கு டெலிகிராமில் செய்தி வரும்.

முதலில், சூடு முப்பதைத் தாண்டி நிற்கும் நேரமெல்லாம் அது நிமிடத்துக்கொரு செய்தி அனுப்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் நாற்பத்தொன்று வந்துவிட்டது. பின்சி சொன்னதும் சத்தியராஜ் மஸ்கட்டிலிருந்தே அதை மாற்றினான். தாண்டும்போது ஒரே ஒரு தடவை சொல்லும். சொன்னதைக் குறித்துவைத்துக்கொள்ளும். சூடு இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அந்தக் குறிப்பை அழித்து, அடுத்த தடவைக்குத் தயாராகும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. நிலத்தைப் பேர் மாற்றும் காரியமாகப் பின்சி நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டியிருந்தது. ஷெட் சாவியை ஓமனாவிடம் கொடுத்தாள்.

“மெசேஜ் வந்தா நான் விளிக்கேன் அக்கா. ஓடிப் போய் சுவருல தொங்குத சாக்கை நனைச்சு விட்டா போதும், சூடு இறங்கிரும்.”

“நீ போயிட்டு வா மக்கா. நான் இங்கதானே உண்டு.”

தாலூக் ஆபீசில் கூட்டம். பின்சி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மத்தியானம் வெயில் கண்ணைக் கூசவைத்தபோது மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. போனில் எதுவும் வரவில்லையே என்று சமாதானமானாள். பசிக்கு ஒரு பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டாள். இரண்டு பஸ் கூட்டமாகப் போனதால் மூன்றாவதில் ஏறினாள். பிற்பாடு அவளால் மறக்க முடியாமல் போனது இந்த இரண்டு பஸ்கள்தான்.

நாலு மணிக்கு ஷெட் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. புளித்த நாற்றம். அடுத்த நாள் அறுக்க இருந்த கொத்துகள் ஓரம் சுருண்டு மஞ்சளாகத் தொங்கின. பம்பு ஓடவில்லை. மின்சாரம் தாறுமாறானால் தானாக அணையும் அதன் பிரேக்கர் விழுந்து கிடந்தது. ஓமனா ஓடிவந்து கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். “காலத்த கறண்டு போய் பதினொண்ணரைக்கு வந்துது. நீ விளிக்கல்லியேண்ணு நானும் பாக்கல்ல மக்கா.”

ராத்திரி சத்தியராஜ் வீடியோ காலில் வந்தான். பையைக்கூடக் காட்டச் சொல்லவில்லை.

“மெசேஜ் பாத்தியா நீ?”

“ஒண்ணும் வரல்ல.”

“வராம இருக்காது. லாக் பைலை எடு.”

அவன் சொன்னபடி அவள் அந்தக் கணினியில் பதிவைத் திறந்தாள். பத்து நாற்பத்திரண்டு. சூடு 30.2. அனுப்பியாச்சு. அதன் கீழே நிமிடத்துக்கு நிமிடம் சூடு ஏறிக்கொண்டே போனது. இரண்டு மணிக்கு முப்பத்தொன்பது.

“பாத்தியா? போயிட்டுண்டு. நீ தெரியாம அழிச்சிருப்பே. இல்லெங்கி பாக்கல்ல.”

“நான் பத்து நிமிசத்துக்கு ஒருக்க எடுத்துப் பாத்தேன்.”

“மெசின் எதுக்குப் பொய் சொல்லணும், பின்சி?”

அவள் பதிவை மூடினாள். மறுநாள் காலையிலேயே மாமியார் சரோஜத்துக்குச் செய்தி போயிருந்தது. “எனக்க மகன் அங்க இருந்துட்டு மெசேஜ் வர வச்சான். இவளுக்கு அதை எடுத்துப் பாக்க நேரமில்ல” என்று அவர் ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் சொன்னதைப் பின்சி தன் காதாலேயே கேட்டாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இருநூறு பைகளையும் அவளும் ஓமனாவும் தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

அதன் பிறகு பின்சி அந்தப் புரோகிராமைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். பி.காம். படித்தவள், கணினி மொழி தெரியாது. ஒவ்வொரு வரியாக எழுதிவைத்து, போனில் தேடி, அர்த்தம் பார்த்தாள். நாலாம் நாள் ஓரிடத்தில் நின்றாள். செய்தியை அனுப்பிப் பார், தடங்கல் வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு பகுதி. ‘சொல்லியாச்சு’ என்று குறிப்பதும், ‘அனுப்பியாச்சு’ என்று பதிவதும் அதற்கு வெளியே, அடுத்த வரிகளில். செய்தி போனாலும் போகாவிட்டாலும் இரண்டும் நடக்கும்.

அன்று கரண்ட் இல்லாத நேரத்தில்தான் சூடு முப்பதைத் தாண்டியிருந்தது. சின்னக் கணினி பேட்டரியில் ஓடியது. மோடத்துக்குப் பேட்டரி இல்லை, அதனால் நெட் இல்லை. செய்தி வீட்டை விட்டே போகவில்லை. கரண்ட் வந்து நெட் வந்த பிறகும், பிரேக்கர் விழுந்த பம்பு ஓடாததால் சூடு இறங்கவில்லை. ஏற்கெனவே சொல்லிவிட்டோம் என்று அந்தப் புரோகிராம் மத்தியானம் முழுக்கப் பேசாமல் இருந்தது.

அவள் சோதித்துப் பார்த்தாள். மோடத்தை அணைத்தாள். வயரை வீட்டுக்குள் இழுத்து, சென்சாரை ஒரு கைக்குள் பொத்திக்கொண்டாள். சூடு முப்பத்தொன்று ஆனது. பதிவில் ‘அனுப்பியாச்சு’ வந்தது. போனில் ஒன்றும் இல்லை. மறுகையால் மோடத்தைப் போட்டு, பொத்திய கையை எடுக்காமல் கால் மணி நேரம் காத்திருந்தாள். அப்போதும் இல்லை. சென்சாரைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து மறுபடி பொத்தியபோது போன் சிணுங்கியது. ஓமனா எல்லாவற்றையும் போனில் படம்பிடித்தாள். அதை வாட்ஸப்பில் சத்தியராஜுக்கு அனுப்பிவிட்டுப் பின்சி அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

பார்த்துவிட்டான் என்பதற்கு நீல அடையாளம் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பைல் வந்தது. கூடவே ஒரு வரி: “இதைப் போட்டுக்க. போனது உறுதியானா மட்டும் குறிக்கும்.”

அவள் கூப்பிட்டாள்.

“அம்மைக்கிட்ட சொன்னீங்களா?”

“எதை?”

“நான் பாக்காம இருக்கல்லண்ணு.”

“சொல்றேன் பின்சி. அதுக்கு இப்ப என்ன அவசரம்? புரோகிராமுல ஒரு சின்ன பக் ஆக்கும் அது. எல்லாருக்கும் வரும்.”

அடுத்த வாரம் அவன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். ஷெட் சரிப்பட்டு வரவில்லையே, வேறு என்ன செய்ய என்று கேட்டான். அவன் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று அவள் காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தான். சாப்பாட்டு மேசையில் உறவுக்காரர் ஒருவர் கூண் கிருஷி, அதாவது காளான் வளர்ப்பு, எப்படி என்று விசாரித்தார். சரோஜம் பழையபடி தொடங்கினார். “ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துது. இவ போனைப் பாக்காம…”

பின்சி கணவனைப் பார்த்தாள். அவன் அப்பத்தைப் பிய்த்து இறைச்சிக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அவள் மீதிக் குழம்பை எல்லார் தட்டிலும் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரியில் அவன் திரும்பிப் போனான். பின்சி நாற்பது பைகளோடு மறுபடி தொடங்கினாள். புரோகிராமில் இரண்டு மாற்றங்களை அவளே செய்தாள். செய்தி ஓமனாவின் போனுக்கும் போகும். சூடு ஏறினாலும் ஏறாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை அப்போதைய சூடு வரும். வரவில்லை என்றால் எங்கேயோ கோளாறு என்று ஓமனா ஷெட்டுக்கு நடப்பாள். சத்தியராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு ஷெட் எப்படி இருக்கிறது என்று கேட்பான். ஒரு குறையும் இல்லை என்கிற அர்த்தத்தில் “குழப்பமில்ல” என்பாள். அதற்கு மேல் அவனிடம் சொல்ல அவளிடம் ஒன்றும் இருப்பதில்லை.