வேனில் ஏற்றிய ஆதரவு

கலியமூர்த்திக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அது அவரிடம் மட்டுமே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

புவனகிரிக்காரர். டிப்ளமோ முடித்த கையோடு சிதம்பரத்துக்கு வெளியே இருந்த பிளாஸ்டிக் குழாய் கம்பெனியில் சேர்ந்து, மெஷின் துடைப்பதில் தொடங்கி புரொடக்‌ஷன் மேனேஜர் நாற்காலிவரை வந்தவர். வேலை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. குழாயைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தே சரக்கு சரியில்லை என்பார், சரியாகவும் இருக்கும். மனுஷாளைத் தட்டிப் பார்க்கத்தான் தெரியாது. தொழிற்சாலைக்குள் அவரைக் கேட்காமல் ஒரு ஸ்விட்சைக்கூட யாரும் தொடக்கூடாது. தொட்டவன் அன்றைக்கு ஊர் கேட்கத் திட்டு வாங்குவான். இதற்குப் பெயர் தலைமை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

2010 ஐப்பசியில் அந்த நாற்காலி ஆட்டம் கண்டது. முதலாளியின் மருமகன் தை பிறந்ததும் மேனேஜராக வந்து உட்காரப் போகிறார், கலியமூர்த்தி அவருக்குக் கீழே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பொடிப்பயலுக்கு சலாம் போடுவதா? கடலூர் சிப்காட்டில் புதிதாக வந்திருந்த பெரிய குழாய் கம்பெனிக்கு மனுப் போட்டார். இண்டர்வியூவுக்கும் கூப்பிட்டார்கள்.

மெஷினைப் பற்றிக் கேட்ட எல்லாவற்றுக்கும் வெளுத்து வாங்கினார். கடைசியாக, அங்கே ஆட்களைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்த பிரிசில்லா கேட்டாள். குழாய் கம்பெனிகளிலேயே பத்து வருஷம் ஓட்டியவள், குரலை உயர்த்தாமல் கேட்பாள்.

"ரெண்டு வருஷத்துல உங்ககிட்ட இருந்து அஞ்சு சூப்பர்வைசர் வேலைய விட்டுப் போயிருக்காங்க. ஏன் சார்?"

"எல்லாம் உதவாக்கரைங்க மேடம். கண்டிச்சா தாங்க மாட்டேங்கறானுங்க."

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேருந்தான்."

பிரிசில்லா பேனாவை மூடினாள். "உங்க அனுபவத்துல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. ஆளுங்கள நடத்துற விஷயத்துலதான் கொஞ்சம் தயக்கம் இருக்கு. அதப்பத்தி ஏதாவது சொல்லணும்னா மெயில்ல எழுதுங்க. அடுத்த வாரம் முடிவு பண்ணுவோம்."

கதவை முழுக்கச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்திருக்கிறாள். புத்தியுள்ளவன் அதற்குள் மெதுவாகக் காலை வைப்பான்.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் சேரன் நடத்தும் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். சேரன் தினமும் வேலைக்கு மனு அடித்துக் கொடுக்கிறவன்.

"சார், சுருக்கமா எழுதுங்க. கூப்பிட்டதுக்கு நன்றின்னு ஒரு வரி. அவுங்க சொன்ன குறைய மழுப்பாம, ஆமா, அதுல நான் மாறவேண்டியது இருக்குன்னு ஒரு வரி. அப்புறம் நீங்க ஒருத்தனை வளத்து மேல கொண்டாந்த சம்பவம் ஒண்ணு. பேசிப் பாக்க ரெண்டு பேரோட நம்பர். அவ்ளோதான்."

"யாரை வளத்தேன்?" என்று யோசித்தார் கலியமூர்த்தி. ஒரு முகமும் வரவில்லை. அந்த நேரத்திலாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது. "குறைன்னு நானே ஒத்துக்கணுமா? நீ அடி, நான் சொல்றேன்" என்றார்.

மெயில் இப்படிப் போனது: என் ஆட்கள் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம். நேரில் அழைத்து வருகிறேன்.

மறுநாளே பிரிசில்லாவிடமிருந்து பதில் வந்தது. நன்றி சொல்லி, அழைத்து வர வேண்டிய அவசியமில்லை, இரண்டு பேருடைய எண் கொடுத்தால் நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தாள்.

வீட்டில் மனைவி ராமாமிர்தத்திடம் படித்துக் காட்டினார்.

"அதான் வேணாங்கறாங்களே. நம்பர் குடுத்துட்டு சும்மா இருங்க" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம வீட்டுக்கு வர்றவுங்க காப்பி வேணாம்னுதான் சொல்றாங்க. குடுக்காமயா அனுப்புறோம்? எல்லாம் மரியாதைக்குச் சொல்றது."

கல்யாண வீட்டு உபசாரத்தை ஆபீஸ் மெயிலில் படித்த ஒரே மேனேஜர் இவராகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கொளஞ்சியப்பனையும் வைத்திலிங்கத்தையும் இன்னும் மூன்று ஆபரேட்டர்களையும் வேனில் ஏற்றினார். முதலாளி சென்னை போயிருந்தார். மிஞ்சியிருந்த சூப்பர்வைசர் அருண்பாண்டியன் மட்டும், "நான் வரல சார். கரண்ட் கட் டைம். லைனை விட்டுட்டு எப்பிடி வர்றது?" என்றான். நன்றிகெட்டவன் என்று வைதுவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

கடலூர் கம்பெனி வரவேற்பறையில் ஐந்து பேரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரிசில்லா வந்து பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு மரியாதையாகவே டீ வரவழைத்தாள். வந்ததுதான் வந்தார்கள் என்று பொதுவாகக் கேட்டாள்.

"மெஷின்ல ஏதாவது கோளாறுன்னா நீங்க என்னா பண்ணுவீங்க?"

கொளஞ்சியப்பன் கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான். "சாரைக் கேப்போம்" என்றான்.

"சார் இல்லன்னா?"

வைத்திலிங்கமும் கலியமூர்த்தியின் முகத்தைப் பார்த்தான். "சார் வர்ற வரைக்கும் நிப்போம்."

கலியமூர்த்தி பெருமையோடு பிரிசில்லாவைப் பார்த்தார். பார்த்தீங்களா என்று கேட்காத குறை.

அப்போது அவர் செல்போன் அடித்தது. அருண்பாண்டியன். அந்தக் காலத்துப் போன், அவன் பேசுவது அறை முழுக்கக் கேட்டது.

"சார், கரண்ட் போயிடுச்சி. ஜெனரேட்டரைப் போட்டு, உள்ள இருந்த சரக்கையெல்லாம் வெளிய தள்ளிட்டேன். மெஷின் சுத்தமா இருக்கு. சும்மா சொல்லலாம்னு போன் பண்ணேன்."

சூட்டில் நின்றுபோன மெஷினுக்குள் உருகிய பிளாஸ்டிக் சரக்கு கிடந்தால் கருகிப்போகும், பிறகு பிரித்து எடுக்க நாள் கணக்காகும். இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பையன் செய்தது தங்கமான காரியம்.

"என்னைக் கேக்காம உன்னை யாருடா ஜெனரேட்டரைப் போடச் சொன்னது?" என்று கத்தினார் கலியமூர்த்தி. "நான் இல்லன்னா உன் இஷ்டமா? வந்து வச்சிக்கறேன் உன்னை!"

போனை வைத்துவிட்டுப் பிரிசில்லாவைப் பார்த்துச் சிரித்தார். "இப்பிடித்தான் மேடம் நான் கண்ட்ரோல்ல வச்சிருக்கேன்."

"புரியுது சார்" என்றாள் அவள். "பேசுனாரே, அவர் பேரென்ன?"

ஒழுங்கு நடவடிக்கைக்குக் கேட்கிறாள் என்று எண்ணி, இனிஷியலோடு சொன்னார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. அக்கறையோடு வந்ததற்கு நன்றி, வேறொருவரைத் தேர்வு செய்திருக்கிறோம். எவனோ சிபாரிசில் நுழைந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த மாதக் கடைசியில் அருண்பாண்டியனும் ராஜினாமாக் கடிதம் நீட்டினான். கடலூர் கம்பெனியில் ஷிப்ட் இன்சார்ஜ் வேலையாம். அவர்களே கூப்பிட்டுப் பேசினார்களாம்.

"யாரைக் கேட்டுப் போறே?"

"உங்களைக் கேக்கணும்னு தோணல சார்."

கார்த்திகையில் ஒருநாள் சொல்லாமல் கரண்ட் போனது. கலியமூர்த்தி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அடித்துப் பிடித்து ஓடிவந்தபோது தொழிற்சாலை முழுக்கக் கருகல் நாற்றம். தைக்கு முன்பே வேலை பழக வந்திருந்த முதலாளியின் மருமகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். மெஷினைச் சுற்றிக் கொளஞ்சியப்பனும் வைத்திலிங்கமும் மற்றவர்களும் கைகட்டி நின்றார்கள். ஜெனரேட்டர் தொடாமல் கிடந்தது.

"ஏண்டா, அதைப் போடறதுக்கென்ன?"

ஐந்து பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லல சார்" என்றான் கொளஞ்சியப்பன்.