ஈரப்பட்ட மருந்து

பட்டாசுக் கம்பெனி விபத்தில் செல்வலட்சுமிக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. திருத்தங்கலில் அவளைக் கவனிக்கப் போன எனக்குப் பாடப்புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பும் வேலையும் சேர்ந்தது. வேலையை மேற்பார்க்கும் போர்மேன் ஆவதற்கான தேர்வில் தேறினால்தான் கம்பெனியில் இடம் உண்டு. வேறு வேலைக்கு அந்தக் கைகள் ஆகா. போன முறை மனப்பாடம் செய்து போனாள். கேள்வியை மாற்றிக் கேட்டதும் விழித்தாள். இப்போது வரிக்கு வரி நிறுத்தி, “ஏன்? எப்படி?” என்று கேட்டுத் தானே பதில் தேடினாள்.

“அலுமினியப் பொடி கலந்த பட்டாசு மருந்து ஈரப்படக் கூடாதாம். ஏன் பெரியம்மா?”

“எனக்கென்ன தெரியும்? பக்கத்தைத் திருப்பவா?”

“இருங்க. தண்ணி பட்டா அந்தப் பொடி சூடாகும். குமிச்சு மூடுனா சூடு வெளிய போகாது. அப்புறம் தானாப் பத்திக்கிரும்.” சட்டென்று முகம் மாறியது. “அன்னைக்கு மழையில நனைஞ்ச மருந்தைத்தான மூடி வச்சாக! நான் கைதவறிப் போட்டதால வெடிச்சதுன்னு கம்பெனியில சொன்னாகளே?”

அவளும் அதுவரை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

தேர்வில் தேறினாள். திங்கட்கிழமை கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது.

“இனி மருந்து ஈரப்பட்டா எல்லாரு வேலையவும் நிறுத்திருவேன்,” என்றாள்.

“தீபாவளி சீசன்ல நிறுத்த விடுவாகளா?” என்றேன்.

பாடப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.