தழும்பை அழித்த கதை

வில்லியனூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பழைய படங்களைச் சரிசெய்யும் வேலை எனக்கு. இன்றைக்கும் அந்தப் படத்தை நினைத்தால் ஆத்திரம் பொங்குகிறது, முதலில் என்மேல்தான்.

செலியமேட்டிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவர் இறந்து பதினாறாம் நாள் படத்திறப்பு. அவருக்கு இருந்ததே ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். ஸ்கேன் செய்தால் முகம் முழுக்கப் பொடி தூவியதுபோல் புள்ளிகள். "வழவழன்னு ஆக்கிடு" என்று முதலாளி சொன்னார். ஓபன்சிவி என்ற கணினி மென்பொருளில் இரைச்சலை, அதாவது இந்தப் புள்ளிகளை, நீக்கும் கட்டளைக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் ஏற ஏற அது கடுமையாகத் துடைக்கும். பத்து போதும் என்று தெரிந்தே முப்பது கொடுத்தேன். விளைவைத் திரைக்குள் சுருக்கி வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கச் சோம்பல்.

படத்திறப்புக்கு முந்தின நாள், சட்டம் போட்ட பெரிய படத்தை அந்த அம்மா கையில் வாங்கினார்.

"இன்னா தம்பி இது? யாரு இவரு?"

"உங்க வூட்டுக்காரர்தாம்மா."

"அவரு மூஞ்சி இப்டியா இருக்கும்? மெழுகு பொம்ம மாதிரி கீது!"

"புள்ளி போச்சுன்னா அழகுதானேம்மா" என்று முதலாளி இளித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, அந்த அம்மாமேல். வேலை தெரிந்தவனிடமே குறை சொல்கிறாரே! நான் வெறும் அழுக்கைத்தான் எடுத்தேன் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். மூலப் படத்திலிருந்து என் படத்தைக் கணினியில் கழித்தால் நான் துடைத்தெடுத்தது மட்டும் மிஞ்சும்; அதைக் கண்ணுக்குத் தெரியும்படி பத்து மடங்கு பெருக்கினேன். சரியாகத் துடைத்திருந்தால் அதில் சிதறிய புள்ளிகள் மட்டுமே தெரிய வேண்டும்.

"பாருங்கம்மா, வெறும் புள்ளி" என்று திரையைத் திருப்பினேன்.

புள்ளிகளுக்கு நடுவில் ஒரு முகம் தெரிந்தது. கன்னத்து அம்மைத் தழும்புகள், கண்ணோரச் சுருக்கங்கள், மீசை முடிகள், எல்லாம் அங்கே கிடந்தன.

எனக்குக் காது மடல் சுட்டது. அந்த முகத்தை அழுக்கென்று நினைத்தவன் நான்தானே!

எண்ணை எட்டுக்கு இறக்கிக் கட்டளையை மறுபடி ஓட்டினேன். இம்முறை ஒவ்வொரு கன்னத்தையும் முழு அளவில் பார்த்தேன். கழித்துப் பார்த்தபோது வெறும் பொடிதான் இருந்தது. படத்தில் கொஞ்சம் புள்ளி மிச்சம் இருந்தது.

"இன்னும் புள்ளி இருக்குதே, ஜனங்க இன்னா சொல்வாங்க?" என்றார் முதலாளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அந்த அம்மா திரையருகில் குனிந்து, அந்தத் தழும்புகளை விரலால் தடவினார்.

"ஜனங்க இன்னா வேணா சொல்லட்டும். நாப்பது வருசம் இதப் பாத்துத்தான் சோறு போட்டேன்."