எண்பத்தைந்து ஹெர்ட்ஸ்

பதிவு அலுவலகத்தில் அவளுக்கு ‘மெஷின் அக்கா’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறாள். கணவன் போன பிறகு மகளைப் படிக்க வைத்ததும் அந்த விரல்கள்தான். ஆறேழு மாதமாக எண்களில் தப்பு விழுந்தது. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. மேலாளர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார்.

“ஸ்கிரீன் ஆடுது சார். கண்ணு கூசுது,” என்றாள். பழைய குண்டு மானிட்டர். பழியைத் தாங்க அதற்கு உடம்பும் இருந்தது.

“நொடிக்கு அறுபது தடவதான் மின்னுது, அறுபது ஹெர்ட்ஸ்ல ஆடத்தான் செய்யும். எண்பத்தஞ்சு வெச்சுப் பாருங்க,” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

திரை அமைப்புப் பட்டியலில் எண்பத்தைந்து இல்லை. மானிட்டரால் காட்ட முடியாத அளவுகளை மறைக்கும் டிக்கை எடுத்துவிட்டதும் வந்தது. அழுத்தினாள். திரை கறுத்தது. பேசாமல் இருந்திருந்தால் பதினைந்து நொடியில் தானே பழையபடி திரும்பியிருக்கும். பதற்றத்தில் கண்ட விசைகளையும் தட்டினாள். ‘இந்த மாற்றம் இருக்கட்டுமா?’ என்று கறுத்த திரையில் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற கேள்விக்கு ‘இப்படியே இருக்கட்டும்’ என்று பதில் போய்விட்டது. அணைத்துப் போட்டபோது முதல் எழுத்துகள் வந்தன. விண்டோஸ் தொடங்கியதும் மறுபடி கறுப்பு.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி வந்தான். “மானிட்டர் சாகலக்கா. அதால முடியாத வேகத்தக் கேட்டிருக்கீங்க.” கணினியை மறுபடி தொடக்கி எஃப்8 விசையை விடாமல் தட்டினான். வந்த பட்டியலில் குறைந்த ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுத்தான்.

திரை வந்தது. கடைப் பலகை மாதிரி பெரிய பெரிய எழுத்துகள். அவள் முன்னால் குனியாமலே படித்தாள்.

“இப்ப ஆடலையே?”

“ஆடுதேக்கா. இதுவும் அறுபதுதான்.”

கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, கண்ணாடி உதவாது என்று டாக்டர் சொன்னதை மகளிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை. மானிட்டர்தான் காரணம் என்று தன்னையே நம்பவைத்திருந்தாள்.

“இப்படியே விட்டுடேன் தம்பி.”

அவன் பத்திரப் படிவத்தைத் திறந்து காட்டினான். பாதி திரைக்குக் கீழே போயிருந்தது. “சேவ் பட்டனே தெரியாது. எழுத்த மட்டும் பெருசாக்கினா ஃபாரம் குலைஞ்சிடும்.”

பழைய அளவையும் அறுபதையும் வைத்து மறுபடி தொடக்கினான். எழுத்துகள் எறும்பு வரிசையாகச் சுருங்கின. ஒரு பத்திரத்தைத் திறந்தான்.

“சரியா இருக்கா? இந்தப் பத்திர நம்பர் என்ன?”

“நாலாயிரத்து இருநூத்திப் பதிமூணு,” என்றாள். காலையில் கடைசியாக அடித்தது அதுதான்.

அவன் குரலைத் தாழ்த்தினான். “இது வேற பத்திரம்க்கா.”

மேலாளர் பின்னால்தான் நின்றிருந்தார். தன் அறைக்குள் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அவளைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். உறையில் அச்சிட்ட கட்டத்துக்குள் முத்திரை குத்தும் வேலை.

“ஏம்மா, நல்ல எடமா?” என்றாள் மகள்.

“நல்ல எடந்தான். ஸ்கிரீனே கெடையாது.”

இரண்டு மாதத்தில் முத்திரைகள் கட்டத்துக்கு வெளியே விழத் தொடங்கின.