மேஸ்திரி என்று சொன்ன வாய்

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் ஓடைக்கு மேல் நிற்கிற இரண்டு கண் பாலம் நான் கட்டியது. அங்கே கல் கிடைக்காது, தண்ணீர் கிடைக்காது, ஆள் நிற்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட வேலை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு மடை, ராயகிரியில் ஒரு தானியக் கிடங்கு, இந்த ஊரிலேயே மாடி வீடுகள் மூன்று, எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்னை வேலைக்கு வைத்துக்கொள்ள தயங்கியவர்களின் பிள்ளைகளுக்கு நானே வேலை கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. மறுப்பது ஒன்றைத்தான். அது உயர்நிலைப் பள்ளியின் பெரிய ஹால்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஹால் கட்டும் காண்டிராக்டை எடுத்தவர் ஊரில் பெரிய கை. பஞ்சு வியாபாரம், பஸ் என்று அவருக்குப் பல ஜோலி. கட்டுகிற வேலையை முழுசாக என்னிடம் விட்டார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான் எங்கள் உடன்படிக்கை. எழுத்து எதுவும் கிடையாது. சர்க்கார் வேலையை அனுமதி இல்லாமல் இன்னொருவனுக்குக் கைமாற்றிவிடக் கூடாது என்பது சட்டம். அதனால் எழுத அவருக்கு மனம் இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அளவெடுத்துப் பில் போடும்போதெல்லாம் சர்க்கார் மராமத்து இலாகா அவருக்குப் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். அவர் அதே கணக்கில் எனக்குப் பிடித்து வைப்பார். வேலை முடிந்து, ஒரு மழைக்காலம் தாங்கி, குற்றம் குறை இல்லையென்று அதிகாரி ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பிடித்தம் கைக்கு வரும். நியாயமான ஏற்பாடுதான். ஒழுகினால் யார் அடைப்பது?

ஒழுகவில்லை. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்களை வரிசையாக உட்கார வைத்துக் தளம் இறுகி அடிகட்டை கையில் துள்ளுகிற வரைக்கும் அடித்த மேல்தளம் அது. ஐப்பசி கார்த்திகை மழை அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. ஹாலுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. தை மாதம் எஞ்சினீயர் வந்து, மேலே ஏறி, கீழே இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கு நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கண்ணில் படாமல் இரு என்று காண்டிராக்ட் எடுத்த முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கட்டியதை ஒருவர் தட்டிப் பார்க்கும்போது எப்படி ஒளிந்திருப்பது? எஞ்சினீயர் என்னைப் பார்த்து, "நீ யார்?" என்றார். முதலாளியின் முகம் வெளிறியது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "மொதலாளிகிட்ட கூலிக்கு இருக்க மேஸ்திரி ஐயா" என்றேன். எஞ்சினீயர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பிடித்தப் பணம் அவசரமாக வேண்டியிருந்தது. முதல்முறையாக என் பெயரிலேயே டெண்டர் போடப் போகிறேன். டெபாசிட் கட்டினால்தான் டெண்டரைத் தொடவே விடுவார்கள். இதை விட்டால் ஆயுசு முழுக்க இன்னொருவன் நிழலில் நின்று கட்ட வேண்டியதுதான். முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"இலாகாவுல இன்னும் அவுத்து விடலவே. வந்ததும் ஒமக்கு இல்லாம யாருக்கு?" என்றார்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரையில் பஸ் நிற்கிற இடத்தில், ஹால் வேலையை அளவெடுத்த இலாகா ஓவர்சியரைப் பார்த்தேன். பணம் எப்போது வரும் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அது மாசியிலேயே பட்டுவாடா ஆயிட்டே. ஒம்ம மொதலாளி வாங்கிட்டுப் போயி எம்புட்டு நாளாச்சு!"

பஸ் கிளம்பியது, புழுதி மூடியது, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். "அப்பம் எனக்குள்ளதை நீங்க சொல்லி வாங்கித் தரணும்" என்றேன்.

"எங்க பேப்பருல ஒம்ம பேரே கிடையாதே வே. நான் யாருக்குன்னு சொல்ல?" என்றார். அவர் மேலும் குற்றமில்லை.

மறுநாள் முதலாளி பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குப் போனேன். கூடவே சூளை வைத்திருக்கிற காளவாசல்காரர் வந்தார். ஹாலுக்கு அவரிடம்தான் சுண்ணாம்பும் செங்கலும் கடனுக்கு வாங்கியிருந்தேன். பாக்கியைப் பிடித்தம் வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தேன். "பணம் ஓம் மடியில ஏறுததுக்கு முந்தி எம் மடிக்கு வந்திரணும்லே" என்று நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார்.

முதலாளி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் மறுக்கவே இல்லை.

"ஆமா, வாங்கிட்டேன். அதுல ஒமக்கு என்ன?"

"எனக்குப் பிடிச்சு வச்சது மொதலாளி."

"கூலிக்கு இருக்க மேஸ்திரின்னு எஞ்சினீயருக்கு முன்னால சொன்னது யாரு? நானா? மேஸ்திரிக்குக் கூலி உண்டு. பிடித்தம் எங்கன இருக்கு?"

தராசில் மூட்டை ஏற்றியவன் கூட கையை நிறுத்திவிட்டான். அவர் மானத்தைக் காக்க நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கத்தி மாதிரி எடுத்து என் கழுத்திலேயே வைத்தார். எத்தனையோ பேரிடம் சண்டைக்கு நின்றவன் நான். அன்று திரும்பிப் போகத்தான் கால் எடுத்தேன்.

காளவாசல்காரர் தொண்டையைக் கனைத்தார். "நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "இவன் தனியா வேலை எடுத்த ஆளுன்னு நெனச்சுல்லா இவ்வளவு நாளும் இவன் பின்னால அலைஞ்சேன்! ஒங்க கூலிக்காரன்னா, அவன் வாங்குன சுண்ணாம்பு நீங்க வாங்குன சுண்ணாம்பு. என் பாக்கியை எடுத்து வைங்க."

"என்னவே பேசுதீரு?"

"வண்டிக்காரன், மரம் அறுத்தவன், தளம் அடிச்ச பொம்பளையாளு எல்லாத்துக்கும் பாக்கி இருக்கு. அவ்வளவு பேரையும் இங்கன கூட்டிட்டு வாரேன். கூலிக்கு இருக்கவனுக்குப் பத்துல ஒன்னு பிடிச்சு வச்ச மொதலாளியையும் அவங்க பாக்கட்டும்."

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். நான் தர வேண்டிய பாக்கிகளைக் கூட்டினால் பிடித்தத்தை விட மிஞ்சும். அதைவிட, விஷயம் தெருவுக்கு வந்தால் எஞ்சினீயர் காதுக்குப் போகும், கைமாற்றிவிட்டது வெளியே வரும். அப்புறம் அவருக்கு எந்த சர்க்கார் வேலையும் கிடையாது.

எழுந்து உள்ளே போனார். பணத்தோடு வந்தார். என் கையில் வைக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஒன்னு மட்டும். ஹாலை நீ கட்டுனேன்னு ஒரு இடத்துல வாய் தொறக்கப்பிடாது. எழும்பிக்கிட்டு இருக்க பய நீ. நான் விழுந்தா ஒம்மேலதான் விழுவேன்."

பணம் கிடைத்த சந்தோஷம் அந்த இடத்திலேயே அவிந்தது. என் உழைப்பைத் திருப்பிக் கொடுத்தார், கட்டடத்தை வாங்கிக்கொண்டார். டெபாசிட்டை நினைத்தேன். தலையை ஆட்டினேன். வாசலில் காளவாசல்காரர் தன் பங்கை எண்ணிக்கொண்டே, "கிடைச்சிட்டுல்லா, பின்ன ஏன்லே பேயறைஞ்சவன் மாதிரி நிக்க?" என்றார்.

மற்ற பாக்கிக்காரர்களிடம் தவணை சொல்லிவிட்டு மிச்சத்தை டெபாசிட்டாகக் கட்டினேன். டெண்டர் எனக்கே கிடைத்தது. நான் வளர்ந்தேன். கொடுத்த வாக்கையும் அவர் காலமாகும் வரை காத்தேன், ஒரு கல்யாண வீட்டில் கூட வாய் திறக்கவில்லை.

போன மாதம் பள்ளியின் விழா மலரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹாலின் படத்துக்குக் கீழே அவர் பெயர். "அல்லும் பகலும் நின்று கட்டினார்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர் அங்கே எத்தனை நாள் நின்றார் என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். காண்டிராக்ட் அவருடையது, அதை நான் கேட்கவில்லை. அஸ்திவாரம் தோண்டியது முதல் தளம் அடித்தது வரை வேலை என்னுடையது, கூலி மேஸ்திரியாக அல்ல, பொறுப்பேற்றுக் கட்டியவனாக. அடுத்த மலரில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். அதே எழுத்தில், அதே அளவில்.