மொத்த வினைவகை நான்கு

அரியலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், பெரம்பலூரில் ஒரு நீட் பயிற்சி மையத்தில் வேதியியல் நடத்திவந்தேன். அங்கே எனக்கு மேலே சீனியர் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நான் தயாரிக்கும் வினாத்தாளையும் விடைகளையும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, என் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரில் அச்சடிப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க டைப் பண்ணிக் குடுக்குறீங்க மிஸ், அவ்ளோதான். மூளை என்னுது" என்றார், எல்லார் முன்னாலும். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் அரியலூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் வேதி வினைவேகவியல் தேர்வு. அதற்கென்று ஓர் அட்டவணை போட்டேன். முதல் வரிசையில் A, B இரண்டின் செறிவும் 0.1, வினைவேகம் 2. இரண்டாவதில் A மட்டும் 0.2, வேகம் 8. மூன்றாவதில் A 0.4, B 0.2, வேகம் 32.

முதல் இரண்டு வரிசைகளில் B மாறவில்லை. A இரட்டிப்பானதும் வேகம் நான்கு மடங்காகிறது. இரண்டின் இருபடி நான்கு; ஆகவே A-ஐப் பொறுத்து வினைவகை (order) இரண்டு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது A, B இரண்டுமே இரட்டிக்கின்றன. வேகம் ஏறியதோ அதே நான்கு மடங்குதான். அது முழுக்க A செய்த வேலை. B-ஐப் பொறுத்து பூஜ்யம், மொத்தம் இரண்டு. A-ஐக் கவனிக்காதவர் B-க்கும் இரண்டு என்று எடுத்து, மொத்தம் நான்கு என்பார். விடைக்குறிப்பில் வேண்டுமென்றே நான்கு என்று டைப் செய்து வைத்தேன்.

சீனியர் வழக்கம்போல எடுத்தார். அச்சடித்தார். அதை வைத்தே மாணவர்களின் தாள்களைத் திருத்தினார். வினாத்தாளை விளக்கும் வகுப்பில் மைய உரிமையாளர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், ரெண்டுன்னு போட்டேன். தப்புன்னு அடிச்சிருக்கீங்க."

"நாலுதாம்மா. B டபுளாச்சு, வேகம் நாலு மடங்கு. அப்ப ரெண்டு. A-க்கு ரெண்டு."

"A-யும் டபுளாயிருக்கே சார்?"

போர்டில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில், "கேள்வியே தப்பு" என்றார்.

"கேள்வி சரிதான் சார்" என்று உள்ளே போனேன். சாக்பீஸை வாங்கி மூன்று வரியில் போட்டுக் காட்டினேன்.

உரிமையாளர் கேட்டார்: "அப்ப இந்த விடையப் போட்டது யாரு?"

தாளில் சீனியரின் பெயர் இருந்தது. என்னைப் பார்த்தார்; புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுத்தால் தன் திருட்டும் வெளியே வரும். "நான்தாங்க" என்றார். அந்த ஒரு சொல்லை நான் ஆசைதீரக் கேட்டேன்.

அடுத்த மாதம் அவர் நடத்திவந்த நீட் வகுப்பு எனக்கு வந்தது. அவரைப் பதினொன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள்.

அந்த மாணவி, கேள்விக்கு நான்கும் தப்புக்கு ஒன்றுமாக ஐந்து மதிப்பெண் போனதென்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அவளை நான் யோசித்திருக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அவர் விஷயத்தில் எந்த உறுத்தலும் இல்லை.